'20% வளர்ச்சி' என்றால் எதிலிருந்து 20%? பிசினஸ் ரிப்போர்ட்டில் அடிப்படை ஆண்டைச் சரிபார்ப்பது எப்படி?

2021 ஆகஸ்ட் 31 அன்று தேசியப் புள்ளியியல் அலுவலகம் ஓர் எண்ணை வெளியிட்டது. அந்த ஆண்டின் ஏப்ரல் – ஜூன் காலாண்டில் இந்தியாவின் ஜிடிபி 20.1% வளர்ந்திருந்தது. டிவியிலும் செய்தித்தளங்களிலும் அன்று அதுதான் தலைப்பு. 20% வளர்ச்சி என்றால் சும்மாவா?

அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்த தொகைகளைப் பார்ப்போம். 2021 ஏப்ரல் – ஜூனில் ஜிடிபி 32.38 லட்சம் கோடி ரூபாய். 2020-ன் அதே காலாண்டில் 26.95 லட்சம் கோடி. கணக்கில் தப்பே இல்லை, 20.1% சரிதான். ஆனால் 2020 ஏப்ரல் – ஜூனின் பெரும்பகுதி ஊரடங்குக் காலம். கடை, ஃபேக்டரி, ரயில் எல்லாம் பெருமளவு நின்றிருந்த மாதங்கள். அதற்கும் முந்தைய ஆண்டு, அதாவது 2019-ன் இதே காலாண்டில் ஜிடிபி 35.66 லட்சம் கோடி. அதோடு ஒப்பிட்டால் 2021-ல் நாம் 9.2% கீழே இருந்தோம்.

அதே 32.38-தான். ஓர் ஆண்டை அடிப்படையாக வைத்தால் 20.1% ஏற்றம், இன்னோர் ஆண்டை வைத்தால் 9.2% இறக்கம். வளர்ச்சி சதவீதம் என்பது தனியாக நிற்கும் எண் அல்ல. அது எப்போதும் இன்னோர் எண்ணின் தோளில் ஏறி நிற்கும். அந்த இன்னோர் எண்ணைத்தான் 'பேஸ்', அதாவது அடிப்படை என்கிறோம்.

ஜிடிபி விஷயத்தில் அடிப்படை எது என்பது அறிவிப்பிலேயே தெளிவாக இருந்தது. ஆபீஸில் நம் கைக்கு வரும் ரிப்போர்ட்கள் பலவற்றில் அந்தத் தெளிவு இருக்காது. 'இயர்-ஆன்-இயர் 13% வளர்ச்சி' என்று ஸ்லைடில் பெரிய எழுத்தில் இருக்கும். எந்த எண்ணால் வகுத்தார்கள் என்பது இருக்காது. தப்பான ஆண்டை வைத்து வகுத்திருந்தாலும் பார்வைக்கு அது 13% தான். அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில், நிதிநிலை அட்டவணையை எப்படிப் படிப்பது?

இந்தியாவில் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் ஒவ்வொரு காலாண்டும் முடிந்து 45 நாட்களுக்குள் முடிவுகளை வெளியிட வேண்டும் என்பது செபியின் விதி. முழு ஆண்டுக் கணக்குக்கு 60 நாட்கள். அந்த முடிவுகள் ஒரே மாதிரியான அட்டவணையில்தான் வரும். 2024 செப்டம்பர் காலாண்டு முடிவு என்றால் பெரும்பாலும் ஆறு கட்டங்கள் இருக்கும்.

1. 2024 செப்டம்பர் 30-ல் முடிந்த காலாண்டு
2. 2024 ஜூன் 30-ல் முடிந்த காலாண்டு
3. 2023 செப்டம்பர் 30-ல் முடிந்த காலாண்டு
4. 2024 செப்டம்பர் 30-ல் முடிந்த அரையாண்டு
5. 2023 செப்டம்பர் 30-ல் முடிந்த அரையாண்டு
6. 2024 மார்ச் 31-ல் முடிந்த முழு ஆண்டு

இங்கேதான் முதல் பொறி. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் முதல் இரண்டு கட்டங்களை ஒப்பிட்டால் கிடைப்பது இயர்-ஆன்-இயர் அல்ல, 'குவார்ட்டர்-ஆன்-குவார்ட்டர்'. அதாவது போன காலாண்டோடு ஒப்பீடு. வருடாந்திர வளர்ச்சிக்கு முதல் கட்டத்தை மூன்றாவதோடு ஒப்பிட வேண்டும். அரையாண்டு என்றால் நான்காவதை ஐந்தாவதோடு. ஆறாவது கட்டத்துக்கு இந்த அட்டவணையில் ஜோடியே கிடையாது. ஆண்டு முடிந்த பிறகுதான் அதற்கு வேலை.

ஒரு காலாண்டை போன வருடத்தின் அதே காலாண்டோடு ஒப்பிடுவதற்குக் காரணம் சீசன். தீபாவளி விற்பனையை அதற்கு முந்தைய மூன்று மாதத்தோடு ஒப்பிட்டால் எந்த ஜவுளிக்கடையும் அமோகமாக வளர்ந்ததாகத்தான் தெரியும். போன தீபாவளியோடு ஒப்பிட்டால்தான் உண்மை நிலவரம் புரியும்.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம்

உதாரணத்துக்கு விவசாய பம்ப்செட் தயாரிக்கும் ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்வோம். எண்கள் கற்பனை, எல்லாம் கோடி ரூபாயில். கோடையில் பம்ப் நன்றாக விற்கும் என்பதால் ஏப்ரல் – ஜூன் காலாண்டுதான் இவர்களுக்கு உச்சம்.

வருவாய் இப்படி:

- 2024 ஜூலை – செப்டம்பர்: 138
- 2024 ஏப்ரல் – ஜூன்: 150
- 2023 ஜூலை – செப்டம்பர்: 120
- 2024 முதல் அரையாண்டு: 288
- 2023 முதல் அரையாண்டு: 252

நிகர லாபம் இப்படி:

- 2024 ஜூலை – செப்டம்பர்: 9
- 2024 ஏப்ரல் – ஜூன்: 12
- 2023 ஜூலை – செப்டம்பர்: 7.5
- 2024 முதல் அரையாண்டு: 21
- 2023 முதல் அரையாண்டு: 16

இதை வைத்து ஒருவர் மேனேஜருக்கு ஒரு வரைவு ரிப்போர்ட் தயாரிக்கிறார். அதில் ஒரு வரி: 'செப்டம்பர் காலாண்டில் வருவாய் இயர்-ஆன்-இயர் 13% உயர்ந்தது, நிகர லாபம் 31.3% உயர்ந்தது.'

படித்தால் இயல்பாகத்தான் இருக்கிறது. இரண்டுமே ஏற்றம், இரண்டுமே நம்பும்படியான அளவு. ஆனால் இரண்டுமே தப்பு.

பின்னாலிருந்து போடும் கணக்கு

சதவீதத்தைச் சரிபார்க்கச் சொன்னால், பெரும்பாலானோர் தாங்களே புதிதாக வளர்ச்சியைக் கணக்கிட்டுப் பார்ப்பார்கள். அதைச் செய்யத்தான் வேண்டும். ஆனால் அது 'எண் பொருந்தவில்லை' என்று மட்டும்தான் சொல்லும். தப்பு எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. அதற்கு எதிர்த்திசையில் ஒரு கணக்கு போட வேண்டும். இந்த ஆண்டு எண்ணை எடுத்து, சொல்லப்பட்ட வளர்ச்சியோடு ஒன்றைக் கூட்டி வகுத்தால், ரிப்போர்ட் எழுதியவர் எந்த அடிப்படையை வைத்திருந்தார் என்பது வெளியே வந்துவிடும்.

```
அடிப்படை = இப்போதைய எண் / (1 + வளர்ச்சி)
```

முதலில் சரியான ஒன்றில் சோதித்துப் பாருங்கள். ஜிடிபி 32.38, வளர்ச்சி 20.1%. போன் கால்குலேட்டரில் 32.38 ÷ 1.201 போட்டால் 26.96 வரும். அறிவிக்கப்பட்ட அடிப்படை 26.95. அந்தச் சின்ன வித்தியாசம் சதவீதத்தை ஒரு தசமத்துக்கு முழுமையாக்கியதால் வருவது. ஆக, அடிப்படை 2020-தான் என்பது உறுதி.

இப்போது வரைவு ரிப்போர்ட்டுக்கு வருவோம். லாபம் 31.3% உயர்ந்தது என்கிறார். காலாண்டு லாபம் 9. அதை 1.313-ஆல் வகுத்தால் 6.85. லாபப் பட்டியலில் 6.85 எங்கேயும் இல்லை. போன வருடக் காலாண்டு 7.5, போன காலாண்டு 12, எதுவும் ஒட்டவில்லை. சரி, அரையாண்டு எண்ணை முயற்சி செய்யலாம். 21-ஐ 1.313-ஆல் வகுத்தால் 15.99. அட்டவணையில் 2023 அரையாண்டு லாபம் 16. பிடிபட்டது. வாக்கியம் 'காலாண்டு' என்று சொல்கிறது, சதவீதம் அரையாண்டு கட்டத்திலிருந்து வந்திருக்கிறது. காலாண்டின் சரியான வளர்ச்சி 9-ஐ 7.5-ஆல் வகுத்துப் பார்த்தால் 20%.

அடுத்து வருவாய். 138-ஐ 1.13-ஆல் வகுத்தால் 122.1. இதுவும் அட்டவணையில் இல்லை. அரையாண்டு எண் 288-ஐ வகுத்தால் 254.9, அங்கும் 252-தான் இருக்கிறது. 122.1 என்பது 120-க்குப் பக்கத்தில் வருகிறதே, முழுமையாக்கலாக இருக்குமோ என்று தோன்றும். இல்லை. உண்மையான வளர்ச்சி 12.5-லிருந்து 13.5 வரை எதுவாக இருந்தாலும் 13% என்று எழுதியிருக்கலாம். அந்த எல்லைக்கு அடிப்படை 121.6-லிருந்து 122.7 வரைதான் போகும். 120 அதற்குள் வராது. அப்படியானால் எந்தக் கட்டமும் பொருந்தவில்லை.

எந்தக் கட்டமும் பொருந்தவில்லை என்றால் பார்க்க வேண்டிய முதல் சந்தேகம், வகுத்த எண்ணே இந்த ஆண்டு எண்ணாக இருக்குமோ என்பது. உயர்வு 18 கோடி. 18-ஐ 138-ஆல் வகுத்தால் 13.04%. அதேதான். உயர்வைப் போன ஆண்டு எண்ணால் வகுக்க வேண்டும், இவர் இந்த ஆண்டு எண்ணால் வகுத்திருக்கிறார். சரியான விடை 18 ÷ 120, அதாவது 15%.

இந்த வகைத் தப்பு வளர்ச்சி சிறியதாக இருக்கும்போது கண்ணில் படாது. 5% உயர்வு 4.8% என்று தெரியும், அவ்வளவுதான். வளர்ச்சி பெரிதாகப் பெரிதாக வித்தியாசம் பூதாகரமாகும். விற்பனை 100-லிருந்து 200 ஆனால் அது 100% வளர்ச்சி. தப்பான வகுத்தலில் 50% என்று வரும். இந்த முறையில் கணக்கிட்டால், ஏற்றம் எவ்வளவு பெரியதானாலும் விடை 100%-ஐத் தொடவே தொடாது.

இந்தப் பின்னோக்கிய சோதனைக்கு ஒரு எல்லையும் உண்டு. இரண்டு கட்டங்களில் ஏறத்தாழ ஒரே எண் இருந்தால், உதாரணமாக போன காலாண்டு 120.4, போன வருடக் காலாண்டு 120 என்றால், எதை அடிப்படையாக வைத்தார்கள் என்று முழு எண்ணாக்கிய சதவீதத்தை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. அப்போது ஷீட்டைத் திறந்து ஃபார்முலா எந்தக் கட்டத்தைக் காட்டுகிறது என்று நேரடியாகப் பார்ப்பதுதான் வழி.

எக்செல் எப்படி ஏமாற்றும்?

மேலே சொன்ன தப்புகள் யாரோ ஒருவரின் அவசரத்தில் நடப்பவை. எக்செல் ஷீட்டில் நடப்பது வேறு மாதிரி. அங்கே யாரும் எதையும் தப்பாக டைப் செய்யாமலேயே அடிப்படை நகர்ந்துவிடும்.

பல ஆபீஸ்களில் மாதாந்திர, காலாண்டு ஷீட்கள் இப்படித்தான் இருக்கும்: புதிய காலாண்டு இடது ஓரத்தில் B கட்டத்தில், பழையவை வரிசையாக வலப்பக்கம். ஓராண்டு முந்தைய காலாண்டு நான்கு கட்டம் தள்ளி F-ல். வளர்ச்சிக்கான ஃபார்முலா H-ல்:

```
=B5/F5-1
```

அடுத்த காலாண்டு வருகிறது. புதிய எண்ணைப் போட B-க்கு முன்னால் ஒரு புதிய கட்டத்தை நுழைக்கிறார்கள். எக்செல் உடனே பழைய எண்களோடு ஃபார்முலாவையும் நகர்த்திவிடும். ஃபார்முலா இப்போது I-ல் இருக்கும், இப்படி:

```
=C5/G5-1
```

அதாவது அது இன்னும் போன காலாண்டின் வளர்ச்சியையே காட்டிக்கொண்டிருக்கிறது. தலைப்பில் டிசம்பர் என்று மாற்றியாயிற்று, சதவீதம் செப்டம்பருடையது. இதை யாராவது கவனித்து அவசரத்தில் முதல் பாதியை மட்டும் B5 என்று திருத்தினால் இன்னும் மோசம். 2024 டிசம்பர் காலாண்டை 2023 செப்டம்பரோடு ஒப்பிடும் கணக்காக அது மாறிவிடும். ஐந்து காலாண்டு இடைவெளி. தீபாவளிக் காலத்தை அதற்கு முந்தைய சீசனோடு ஒப்பிட்ட கதைதான்.

தீர்வு, கட்டத்தின் இடத்தை நம்பாமல் தேதியை நம்புவது. புதிய காலாண்டுகளை வலப்பக்கம் சேர்த்துக்கொண்டே போங்கள். நான்காவது வரிசையில் ஒவ்வொரு காலாண்டும் முடியும் தேதியை, எழுத்தாக அல்ல, உண்மையான தேதியாகவே போடுங்கள். ரிப்போர்ட் எந்தக் காலாண்டுக்கோ அதன் கடைசித் தேதியை B1-ல் கொடுங்கள். எண்கள் B-யிலிருந்து Z வரை என்றால், வளர்ச்சி ஃபார்முலாவை AA-வில் இப்படி எழுதலாம்:

```
=XLOOKUP($B$1,$B$4:$Z$4,$B5:$Z5)
 /XLOOKUP(EOMONTH($B$1,-12),$B$4:$Z$4,$B5:$Z5)-1
```

இது B1-ல் இருக்கும் தேதிக்கான எண்ணைத் தேடி எடுக்கும். பிறகு சரியாக 12 மாதம் முந்தைய மாதக் கடைசித் தேதியைத் தேடி அதனால் வகுக்கும். இதன் பெரிய லாபம், ஓராண்டு முந்தைய தேதியே ஷீட்டில் இல்லாவிட்டால் `#N/A` என்று வந்து நிற்கும். நம்பும்படியான தப்பான எண்ணைவிட, எல்லோருக்கும் தெரியும் `#N/A` எவ்வளவோ மேல்.

போன வருட எண்ணே மாறியிருந்தால்?

சரியான ஆண்டைத்தான் எடுத்தோம், சரியான காலாண்டைத்தான் எடுத்தோம். ஆனாலும் அடிப்படை தப்பாகலாம். ஏனென்றால் போன வருட எண்ணும் திருத்தப்படும்.

மீண்டும் ஜிடிபிக்கே போவோம். 2020 ஏப்ரல் – ஜூன் ஜிடிபி முதன்முதலில் 2020 ஆகஸ்ட் 31 அன்று வெளியானபோது 26.90 லட்சம் கோடி என்றுதான் சொல்லப்பட்டது. சரிவு 23.9%. ஓராண்டு கழித்து வந்த அறிவிப்பில் அதே காலாண்டு 26.95 ஆகியிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு எண்ணும் 35.35-லிருந்து 35.66 ஆகத் திருத்தப்பட்டிருந்தது. அதனால் 2020-ன் சரிவும் 24.4% என மாறியது. 2021-ல் யாராவது தங்கள் பழைய ஃபைலில் இருந்த 26.90-ஐ வைத்து வகுத்திருந்தால் 20.1-க்குப் பதில் 20.4% கிடைத்திருக்கும்.

கம்பெனிக் கணக்கில் இந்த வித்தியாசம் இதைவிடப் பெரிதாக இருக்கலாம். நம் பம்ப்செட் கம்பெனி 2024-ல் தன் சிறிய மோட்டார் பிரிவை விற்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 2023 நவம்பரில் வெளியிட்ட முடிவுகளில் அந்தக் காலாண்டு வருவாய் 128 கோடி என்று இருந்தது. மோட்டார் பிரிவின் 8 கோடியும் அதில் சேர்த்தி. இப்போது வெளியிடும் 2024 அட்டவணையில் அதே 2023 காலாண்டு 120 என்று இருக்கிறது. யாரும் தப்பு செய்யவில்லை. கைவிடப்பட்ட ஒரு தொழிலை இந்த ஆண்டுக் கணக்கில் தனியாகப் பிரித்துக் காட்டினால், ஒப்பிடும் முந்தைய காலத்திலும் அதே மாதிரி பிரித்துக் காட்ட வேண்டும் என்பது இண்ட் ஏஎஸ் 105 என்ற கணக்கியல் தரத்தின் விதி.

இப்போது உங்கள் கம்ப்யூட்டரில் போன வருட பிடிஎஃப் இருக்கிறது. அதிலிருந்து 128-ஐ எடுத்தால் வளர்ச்சி 7.8%. இந்த வருட அட்டவணையில் உள்ள 120-ஐ எடுத்தால் 15%. எது சரி? 138-ல் மோட்டார் வருவாய் இல்லை. 128-ல் இருக்கிறது. இருப்பதையும் இல்லாததையும் ஒப்பிடக் கூடாது. 120-தான் சரி. ஆகவே அடிப்படை எண்ணை எப்போதும் இந்த ஆண்டு அறிக்கையின் 'போன ஆண்டு' கட்டத்திலிருந்தே எடுங்கள். அந்தக் கட்டத்தின் தலைப்பிலோ கீழே குறிப்புகளிலோ 'ரீஸ்டேட்டட்' அல்லது 'ரீகுரூப்டு' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு போன ஆண்டு பிடிஎஃப்-ல் உள்ள எண்ணோடு ஒத்துப்பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் காரணம் குறிப்புகளில் இருக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. நிறுவனம் பெரிதாகியிருக்கும், ஆனால் போன ஆண்டு எண் திருத்தப்பட்டிருக்காது. 2023 ஜூலை 1 அன்று ஹெச்டிஎஃப்சி நிறுவனம் ஹெச்டிஎஃப்சி வங்கியோடு இணைந்தது நினைவிருக்கும். அதன்பிறகு வந்த செப்டம்பர் காலாண்டு முடிவில் வங்கியின் கடன் தொகை முந்தைய ஆண்டைவிட 50%-க்கும் மேல் கூடியிருந்தது. ஒரே ஆண்டில் வங்கி அவ்வளவு புதுக் கடன் கொடுத்துவிடவில்லை. ஹவுசிங் லோன் நிறுவனத்தின் மொத்தக் கடன்களும் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தன. போன ஆண்டுக் கட்டத்தில் அவை இல்லை. இணைப்பினால் இந்த எண்களை முந்தைய காலத்தோடு ஒப்பிட முடியாது என்று வங்கியே தன் குறிப்பில் சொல்லியிருந்தது. குறிப்பைப் படிக்காமல் அந்தச் சதவீதத்தை மட்டும் ஸ்லைடில் போட்டால், கணக்கு சரி, அர்த்தம் தப்பு.

ஆண்டு என்றால் எந்த ஆண்டு?

கடைசியாக ஒரு குழப்பம், ஆண்டின் பெயரிலேயே இருக்கிறது. எஃப்.ஒய். 25 என்பது இந்திய நிறுவனங்களுக்கு 2024 ஏப்ரலில் தொடங்கி 2025 மார்ச்சில் முடியும் ஆண்டு. டிசிஎஸ்-ஸுக்கு 2024 ஜூலை – செப்டம்பர் என்பது எஃப்.ஒய். 25-ன் இரண்டாம் காலாண்டு. சென்னையில் பெரிய அளவில் இயங்கினாலும் காக்னிசன்ட் அமெரிக்க நிறுவனம், அதன் கணக்காண்டு ஜனவரியில் தொடங்கும். அதே மூன்று மாதம் அவர்களுக்கு 2024-ன் மூன்றாம் காலாண்டு. 'இரண்டாம் காலாண்டு' என்ற பெயரை மட்டும் வைத்து இரண்டு கம்பெனி வளர்ச்சியையும் பக்கத்தில் வைத்தால், வெவ்வேறு மாதங்களை ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்.

சில நேரம் ஆண்டுக்கு 12 மாதம்கூட இருக்காது. நெஸ்லே இந்தியா முன்பு ஜனவரி – டிசம்பர் கணக்காண்டைப் பின்பற்றியது. ஏப்ரல் – மார்ச்சுக்கு மாறியபோது, இடையில் வந்த ஒரு நிதியாண்டு 2023 ஜனவரி 1-லிருந்து 2024 மார்ச் 31 வரை நீண்டது. 15 மாதம். அடுத்து வந்த 2024-25-க்கு வழக்கமான 12 மாதம். இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால் என்ன ஆகும்? மாதத்துக்கு 100 ரூபாய்க்குத் துல்லியமாக ஒரே அளவில் விற்கும் கடை என்றுவைத்துக்கொள்வோம். 15 மாதத்தில் 1,500. 12 மாதத்தில் 1,200. விற்பனை ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை, கணக்கில் 20% வீழ்ச்சி. சரியான அடிப்படை வேண்டுமென்றால், 15 மாதக் கணக்கிலிருந்து முதல் மூன்று மாதங்களைக் கழித்து 2023 ஏப்ரல் – 2024 மார்ச் என்ற 12 மாத எண்ணைத் தயாரிக்க வேண்டும். காலாண்டு முடிவுகள் தனித்தனியாக வெளியாவதால் அது முடியும்.

அன்றைய ஜிடிபி செய்திகளில் வந்த '2011-12 விலையில்' என்ற சொல்லையும் இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அதற்கும் 'அடிப்படை ஆண்டு' என்றுதான் பெயர். ஆனால் அது விலைவாசி உயர்வை நீக்குவதற்காக எல்லா ஆண்டுகளையும் ஒரே ஆண்டின் விலையில் மதிப்பிடும் ஏற்பாடு. 20.1% என்பது 2011-12-லிருந்து வந்த வளர்ச்சி அல்ல. இரண்டு காலாண்டுகளும் 2011-12 விலையில் அளக்கப்பட்டன, ஒப்பீடு போன ஆண்டோடுதான். இதில் சரிபார்க்க வேண்டியது, இரண்டு எண்களும் ஒரே வகை விலையில் இருக்கின்றனவா என்பதை மட்டும்தான்.

சதவீதமே போடக் கூடாத இடம்

போன ஆண்டு 5 கோடி நஷ்டம், இந்த ஆண்டு 3 கோடி லாபம். வழக்கமான ஃபார்முலாவில் 3-ஐ மைனஸ் 5-ஆல் வகுத்து ஒன்றைக் கழித்தால் மைனஸ் 160% வரும். நஷ்டத்திலிருந்து லாபத்துக்கு வந்த கம்பெனி 160% சரிந்ததாகக் கணக்கு சொல்லும். அடிப்படை பூஜ்யமாகவோ அதற்குக் கீழாகவோ இருந்தால் வளர்ச்சிச் சதவீதத்துக்கு அர்த்தமே இல்லை. அந்த இடத்தில் '5 கோடி நஷ்டத்திலிருந்து 3 கோடி லாபம்' என்று எழுதுங்கள். அதைவிடத் தெளிவான எண் வேறு இல்லை.

அடிப்படை பாசிட்டிவாக இருந்தாலும் ரொம்பச் சிறியது என்றால் அதே கவனம் வேண்டும். அட்டவணையில் கோடிக்கு முழுமையாக்கி 2, 3 என்று இருந்தால் 50% வளர்ச்சி போலத் தெரியும். உண்மை எண்கள் 2.4-ம் 2.6-ம் ஆக இருந்தால் வளர்ச்சி 8.3% தான்.

அனுப்பும் முன் வாக்கியத்தை மாற்றுங்கள்

நம் வரைவு ரிப்போர்ட்டின் அந்த வரியைத் திருத்தினால் இப்படி இருக்கும்: '2024 ஜூலை – செப்டம்பரில் வருவாய் 138 கோடி, 2023-ன் அதே காலாண்டில் 120 கோடி (மோட்டார் பிரிவு நீங்கலாகத் திருத்தப்பட்டது). உயர்வு 15%. நிகர லாபம் 7.5 கோடியிலிருந்து 9 கோடியாக, 20% உயர்ந்தது.'

கொஞ்சம் நீளம்தான். ஆனால் இரண்டு காலமும், இரண்டு தொகையும், அடிப்படை திருத்தப்பட்டது என்ற தகவலும் ஒரே இடத்தில் இருக்கின்றன. மேனேஜர் மீட்டிங்கில் உட்கார்ந்தபடியே போன் கால்குலேட்டரில் 138 ÷ 120 போட்டுப் பார்த்துவிடலாம். ஸ்லைடில் இடம் பத்தாது என்றால் அடிக்குறிப்பிலாவது அடிப்படைத் தொகையையும் தேதியையும் போடுங்கள். உங்களிடம் வரும் ரிப்போர்ட்டில் அவை இல்லை என்றால், சதவீதத்தை அடுத்தவருக்கு ஃபார்வர்டு செய்யும் முன் அனுப்பியவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'இது எந்த எண்ணால் வகுத்தது?'